விலைப்பலகையில் இல்லாத மணிக்கணக்கு

சென்னையில் வேளச்சேரி, அண்ணா நகர், ஓ.எம்.ஆர். என்று எந்தப் பக்கம் போனாலும் பெரிய கார் வாஷ் கடைகளின் சுவரில் ஒரு விலைப்பலகை தொங்குகிறது. வாட்டர் வாஷ் 400 ரூபாய். உள்பக்கச் சுத்தம் 1,500. டெஃப்ளான் கோட்டிங் 4,500. செராமிக் கோட்டிங் 18,000. கடைசி வரியில் பி.பி.எஃப். என்ற மூன்று எழுத்துகளும் 85,000 என்ற எண்ணும். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இருநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். நிற்பது அதே சின்ன கார்தான்.

பலகையில் இருப்பது பொருளின் பெயரும் தொகையும் மட்டும். அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும், வண்டியின் மேல் என்ன தடவுவார்கள், அது எத்தனை மாதம் நிற்கும் என்ற மூன்றையும் வாடிக்கையாளர்தான் கேட்டு வாங்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் 4,500 ரூபாய் வேலை 18,000 ரூபாய் வேலையைவிடச் செலவு அதிகமானதாகக்கூட மாறலாம். இங்கே சொல்லப்படும் விலைகள் சென்னையில் ஹேட்ச்பேக் வகைச் சின்ன காருக்குத் தோராயமாகக் கேட்கப்படுபவை. பெரிய எஸ்.யு.வி. என்றால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடும்.

கழுவும்போதே விழும் கீறல்

கோட்டிங் பேச்சு எல்லாம் கடைசியில் போய் நிற்கும் இடம், காரின் பெயின்ட் மேலே இருக்கும் நிறமில்லாத ஒரு அடுக்கு. அதற்குக் கிளியர் கோட் என்று பெயர். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே இந்த அடுக்கு தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பு அங்கேதான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அந்த அடுக்கு தேய்ந்துபோனால் திரும்ப வராது, பெயின்ட் அடிப்பது ஒன்றுதான் வழி.

அந்த அடுக்கில் முதல் கீறல்களைப் போடுவது பெரும்பாலும் கழுவும் கைகள்தான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவர் வாளியும் துணியுமாக வருவார். மாதம் 500 முதல் 800 ரூபாய். அரை வாளித் தண்ணீரில் நனைத்த ஒரே துணியால் நான்கைந்து கார்களைத் துடைத்து முடிப்பார். வண்டியின் மேல் படிந்த தூசியில் மணல் துகள் இருக்கும். தண்ணீர் அடித்து அதை இறக்காமல் ஈரத் துணியால் இழுத்தால் ஒவ்வொரு துகளும் ஒரு கோடு போடும். மாதம் இருபத்தைந்து நாள் இப்படி நடந்தால், ஒரு வருடத்தில் சிவப்பு, கறுப்பு, கருநீலக் கார்களின் பானெட்டில் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிய ஆரம்பிக்கும். பகலில் கண்ணுக்குப் படாவிட்டால் இரவில் செல்போன் டார்ச்சைப் பானெட்டுக்கு மேல் பிடித்துப் பார்த்தால் போதும்.

கடையில் 400 ரூபாய் வாட்டர் வாஷ் ஒழுங்காக நடந்தால் சுமார் 45 நிமிடம் பிடிக்கும். வண்டியை லிப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்துச் சேற்றைப் பிரஷர் பம்பால் கழுவுவார்கள். பிறகு சக்கரங்கள். அதன்பின் வண்டி முழுக்க வெறும் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கி, நுரை அடித்து மூன்று நான்கு நிமிடம் விடுவார்கள். நுரை தூசியைத் தளர்த்திக் கீழே இழுத்துக்கொண்டு வரும். அந்த நிமிடங்கள்தான் இந்த வேலையின் உயிர். அதற்குப் பிறகே கையுறை போன்ற மைக்ரோஃபைபர் துணியால் கூரையில் தொடங்கிக் கீழ் நோக்கித் தேய்க்க வேண்டும்.

வேலை கெடும் இடங்களும் இவற்றுக்குள்ளேயே இருக்கின்றன. சக்கரம் தேய்த்த பஞ்சே கதவுக்கும் வரும். அதில் பிரேக் பேடிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நுரை வெயிலிலேயே காய்ந்துபோகும். சில இடங்களில் கார் ஷாம்புவுக்குப் பதிலாகக் காரம் அதிகமான மலிவு சோப்புத் திரவம் கலப்பார்கள். அது அழுக்கோடு சேர்த்து மேலே பூசியிருக்கும் மெழுகையும் எடுத்துவிடும். அடிப்பாகத்தில் டீசல் அடிக்கும் பழைய வழக்கம் இன்னும் சில கடைகளில் உண்டு. சேறு வழுக்கிக்கொண்டு போகும், பார்க்கவும் மினுமினுப்பாக இருக்கும், ஆனால் ரப்பர் புஷ்கள் ஊறிக் கெட்டுப்போகும்.

தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையின் பல பகுதிகளில் கடைகள் நம்புவது போர் தண்ணீரை. அதில் கரைந்திருக்கும் உப்பு, வண்டி காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளாகப் படியும். அன்றே துடைத்தால் போய்விடும். வெயிலில் வாரக்கணக்கில் விட்டால் கிளியர் கோட்டை அரித்துச் சின்னக் குழியே விழும். ஆகவே கழுவிய பிறகு துணியால் ஒற்றி எடுக்கிறார்களா, அல்லது அப்படியே வெயிலில் நிறுத்திவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறார்களா என்பதைப் பார்த்தாலே கடையின் தரம் பாதி தெரிந்துவிடும். 400 ரூபாய்க் கடைக்கும் 600 ரூபாய்க் கடைக்கும் இடையிலான நியாயமான வித்தியாசம், சக்கரத்துக்குத் தனித் துணி, சுத்தமான உலர் துணி, நிழல், கூடுதலாக ஒரு பதினைந்து நிமிடம்.

உள்ளே: ஈரம் எவ்வளவு, உலர எத்தனை நேரம்

உள்பக்கச் சுத்தம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் விற்கப்படுகின்றன. வாட்டர் வாஷோடு இலவசமாகவோ இருநூறு ரூபாய் கூடுதலாகவோ கிடைப்பது வேக்குவம் போட்டு, டேஷ்போர்டில் பாலிஷ் தடவுவது. அரை மணி நேர வேலை. 1,200 முதல் 2,000 ரூபாய் வரை வாங்கும் வேலைக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆக வேண்டும்.

அந்த நான்கு மணி நேரம் இப்படிப் போகும். மிதியடிகளை வெளியே எடுத்து, காற்றுக் குழாயால் இடுக்குகளில் இருக்கும் தூசியைக் கிளப்பி, வேக்குவம் போடுவார்கள். பிறகு பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு என்ற அளவில் கலந்த சுத்தத் திரவத்தைச் சீட்டில் தெளித்து மென்மையான பிரஷால் தேய்ப்பார்கள். துணி சீட் என்றால் அதற்குப் பிறகு எக்ஸ்ட்ராக்டர் என்ற இயந்திரம் வேண்டும். அது ஒரு வாயால் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே மறுவாயால் அழுக்கோடு உறிஞ்சி எடுக்கும். அந்த இயந்திரம் இல்லாத கடையில் நுரையைத் துணியால் துடைத்துவிட்டு அனுப்புவார்கள். மேல்துணி பளிச்சென்று இருக்கும். கரைந்த அழுக்கும் சோப்பும் ஈரத்தோடு சீட்டின் ஸ்பாஞ்சுக்குள் தங்கியிருக்கும். ஒரு வாரத்தில் கறை மறுபடி மேலே எழும்பி வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் என்றால் கறைக்கு முன்னால் பூஞ்சை வாடை வந்துவிடும்.

எனவே இங்கே விலையை நிர்ணயிக்க வேண்டியது உலர்த்தும் நேரம். மாலை ஆறு மணிக்கு நனைத்த சீட்டை ஏழு மணிக்கு ஒப்படைப்பதாகச் சொன்னால் அந்த வேலையை மறுநாள் காலைக்குத் தள்ளிப்போடுவது நல்லது. வண்டியை எடுக்கும்போது ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சீட்டில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கலாம். பேப்பர் நனைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பழுப்பாக நனைந்தால் அழுக்கும் இருக்கிறது.

கூரைத் துணிக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அந்தத் துணி மெல்லிய ஸ்பாஞ்சோடு பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் அதிகமானால் பசை விட்டுத் துணி தொங்கிவிடும். மாற்ற சில ஆயிரம் ரூபாய் ஆகும். முன்சீட்டுகளுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் தெரியும் இணைப்புகள் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அங்கே தண்ணீர் பாய்ச்சினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கி, சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டி வரும்.

ஏ.சி. போட்டதும் வரும் நாற்றத்தைப் போக்க என்று உள்பக்கச் சுத்தம் செய்துகொள்பவர்கள் நிறைய. அந்த நாற்றம் பெரும்பாலும் சீட்டிலிருந்து வருவதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குளிர்விப்பானின் ஈரத்திலும், அதற்கு முன்னால் இருக்கும் கேபின் ஃபில்டரிலும் அது குடியிருக்கிறது. பல சின்ன கார்களில் கேபின் ஃபில்டர் 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும், மாற்றப் பத்து நிமிடம் போதும். 1,500 ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்கலாம்.

வேலை முடிந்ததும் டேஷ்போர்டு எண்ணெய் வழிவது போல மின்னினால் அது சிலிக்கான் பாலிஷ். இரண்டு வாரம்கூட நிற்காது, தூசியை இழுக்கும், வெயிலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசவைக்கும். ஸ்டியரிங்கிலும் பெடல்களிலும் பட்டால் வழுக்கும். பளபளப்பு இல்லாத பூச்சு போதும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நன்றாகச் செய்த உள்பக்கச் சுத்தம், குழந்தைகள் ஏறி இறங்கும் வண்டியில் நான்கு முதல் ஆறு மாதம் தாங்கும். துணி சீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் ஈரச் சுத்தம் தேவைப்படாது. நடுவில் வேக்குவம் போட்டாலே போதும்.

மெழுகும் டெஃப்ளானும்

பாதுகாப்புப் பூச்சுகளில் பழையது மெழுகு. கார்னௌபா என்ற பிரேசில் நாட்டுப் பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகும். சென்னையின் மே மாத வெயிலில் கருநிறப் பானெட் 70 டிகிரி வரை போகக்கூடியது. அதனால்தான் குளிர் நாட்டில் மூன்று மாதம் நிற்கும் மெழுகு இங்கே நான்கிலிருந்து எட்டு வாரத்தில் போய்விடுகிறது. கடையில் பூச 800 முதல் 1,200 ரூபாய், ஒரு மணி நேர வேலை.

டெஃப்ளானின் கதை வேறு. 1938இல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டெடுத்த பொருள் அது. எதிலும் ஒட்டாது என்பதே அதன் புகழ். ஒட்டாத அந்தப் பொருளைத் தோசைக்கல்லில் ஒட்டவைக்கத் தொழிற்சாலையில் 300 டிகிரிக்கும் மேலே சூடேற்றுகிறார்கள். காரை அவ்வளவு சூடேற்றினால் பெயின்ட் மட்டுமல்ல, ரப்பரும் பிளாஸ்டிக்கும் மிஞ்சாது. ஆகவே கடையில் டெஃப்ளான் கோட்டிங் என்று பூசுவதில் வண்டியின் மேல் உண்மையில் பிடித்து நிற்பது அந்தக் கலவையில் உள்ள மெழுகும் பாலிமரும்தான். டெஃப்ளான் தூள் இருந்தாலும் அது வெறும் துணை.

பிறகு ஏன் டெஃப்ளான் போட்ட வண்டி அப்படி ஜொலிக்கிறது? பூசுவதற்கு முன்னால் இயந்திரத்தில் பாலிஷ் போடுவதால். மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடக்கும் இந்த வேலையில் பெரும் பகுதி, சுழலும் பஞ்சுத் தட்டில் காம்பவுண்ட் தடவிக் கிளியர் கோட்டைச் சீவுவது. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப முடியாது என்பதால் சுற்றியுள்ள மேட்டைச் சீவிச் சமன் செய்கிறார்கள். ஒரு முறைக்கு ஒன்றிரண்டு மைக்ரானில் இருந்து, அழுத்திப் போட்டால் நான்கைந்து மைக்ரான் வரை போகும். பூச்சு நான்கு முதல் ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். சீவிய கிளியர் கோட் திரும்ப வராது.

செராமிக்: சீசாவின் விலையும் உழைப்பின் விலையும்

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா சேர்மங்கள் கொண்ட திரவம். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, கண்ணாடிக்கு நெருங்கிய ஒரு கெட்டியான படலமாக மாறிக் கிளியர் கோட்டைப் பற்றிக்கொள்ளும். மெழுகு போல வெயிலில் உருகாது, சாதாரண ஷாம்புவில் கரையாது. அதனால்தான் மெழுகுக்கு வாரக்கணக்கும் இதற்கு வருடக்கணக்கும். கிராஃபீன் கோட்டிங் என்று அடுத்த வரியில் கூடுதல் விலைக்கு எழுதியிருப்பதும் பெரும்பாலும் இதே சிலிக்காத் திரவம்தான். அதில் கிராஃபீன் ஆக்சைடு சிறிதளவு கலந்திருக்கும்.

ஒரு சின்ன காருக்கு வேண்டிய திரவம் 30 முதல் 50 மில்லி. சீசா கடைக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைத்துவிடும். 18,000 ரூபாயில் மீதி எல்லாம் ஆள், இடம், நேரம். முறையாகச் செய்தால் முதல் நாள் கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் அடிப்பார்கள். வெள்ளைக் கார்களில் அது ஊதா நிறத்தில் வழிந்து இறங்குவதைப் பார்க்கலாம். பிறகு களிமண் போன்ற கிளே பாரால் பேனல் பேனலாகத் தேய்த்து ஒட்டிய தாரையும் பிசினையும் எடுப்பார்கள். அதன்பின் இயந்திரப் பாலிஷ், வண்டியின் நிலையைப் பொறுத்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். பாலிஷின் எண்ணெய்ப் பசையை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்த பிறகே பூச்சு.

பூச்சைத் தடவுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. இரண்டடிக்கு இரண்டடி அளவில் தடவி, ஒன்றிரண்டு நிமிடத்தில் மேற்பரப்பில் வானவில் நிறம் படரும்போது மெல்லத் துடைத்துச் சமன் செய்ய வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் அது சீக்கிரமே இறுகிவிடும். துடைக்கத் தாமதமானால் அந்த இடம் திட்டுத்திட்டாகக் கருத்து நிற்கும். இறுகிய பிறகு மறுபடி பாலிஷ் போட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை. வண்டியை எடுக்கும்போது குழல் விளக்கின் ஒளி பக்கவாட்டில் விழுமாறு நின்று கதவுகளைப் பார்த்தால் திட்டு இருந்தால் தெரியும். பூசிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் உள்ளே நிற்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஷாம்பு கூடாது. ஆக இரண்டு முதல் மூன்று நாள். காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் கடை, இந்தப் படிகளில் எதையோ விடுகிறது.

விற்பனையில் அடிக்கடி கேட்கும் சொல் 9எச். "சார், வைரம் மாதிரி ஹார்டு, கீறலே விழாது" என்று கடைக்காரர் சொல்வார். 9எச் என்பது பென்சிலின் அளவுகோல். பூச்சின் மேல் 9எச் பென்சிலை வைத்துத் தேய்த்தால் கீறல் விழவில்லை என்பதே அந்தச் சோதனை. பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. சாலைத் தூசியில் இருக்கும் மணல் அதைவிட எவ்வளவோ கடினமானது. படலத்தின் தடிமனும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். விடியற்காலை வாளிக்காரரின் துணி செராமிக் மேலும் கோடு போடும். ஷாப்பிங் மால் பார்க்கிங்கில் பக்கத்து வண்டியின் கதவு இடித்தால் அதற்கும் இது ஒன்றும் செய்யாது.

இது செய்வது வேறு சில நல்ல காரியங்கள். தூசியும் சேறும் அழுத்தமாகப் பிடிக்காது, கழுவுவது எளிதாகும். பறவை எச்சம் விழுந்தால் துடைத்தெடுக்க இன்னும் சில மணி நேரம் அவகாசம் கிடைக்கும். நிறம் மங்குவது தள்ளிப்போகும். ஆனால் உப்புத் தண்ணீர் விஷயத்தில் இது சில நேரம் எதிர்மாறாகவே நடக்கும். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்பதால், ஒவ்வொரு முத்தும் காய்ந்த இடத்தில் உப்பு குவிந்து வட்டமாகக் கறை பிடிக்கும். செராமிக் போட்ட வண்டியைப் போர் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்டால் போடாத வண்டியைவிடப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும்.

பல மாதம் கழித்துத் தண்ணீர் முத்தாகத் திரளவில்லை என்றால் பூச்சு போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. உப்பும் புகையும் மேலே படிந்து மூடியிருக்கலாம். நன்றாகக் கழுவி, இரும்புத் துகள் திரவமும் உப்புக் கறை நீக்கியும் போட்ட பிறகு முத்து திரும்பினால் பூச்சு உயிரோடு இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை 1,500 முதல் 2,500 ரூபாய் வாங்கிச் செய்யும் பராமரிப்பு என்பது பெரும்பாலும் இதுதான். வாரண்டி அட்டையில் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று இருக்கும். அதன் பின்பக்கத்தில் இந்தப் பராமரிப்பைக் கடையிலேயே தவறாமல் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும், கீறல், எச்சக் கறை, உப்புக் கறை ஆகியவை சேராது என்ற வரியும் இருக்கும். திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு இரண்டு, இரண்டரை ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கல் படுவதைத் தடுக்கும் ஒரே பொருள்

பி.பி.எஃப். என்பது திரவம் அல்ல, ஒட்டும் படலம். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் விசிறி இறக்கைகளை மணலிலிருந்தும் கல்லிலிருந்தும் காக்கப் பிறந்த யோசனை இது. இன்று காருக்கு ஒட்டும் நல்ல படலம் பாலியூரித்தேன் வகை, தடிமன் 150 முதல் 200 மைக்ரான். செராமிக்கின் ஒன்றிரண்டு மைக்ரானோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் விலை வித்தியாசம் புரியும். முன்னால் போகும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லை வாங்கிக்கொள்ளும் சதை இதற்குத்தான் இருக்கிறது. மெல்லிய கீறல் விழுந்தால் வெயிலில் சூடானதும் தானாகவே மறைந்துவிடும்.

முழு வண்டிக்கு 70,000 ரூபாயில் தொடங்கி ஒன்றரை லட்சத்தையும் தாண்டும். மூன்று முதல் ஐந்து நாள் வேலை. குறைந்த விலைக்குச் சொல்பவர்கள் பி.வி.சி. படலத்தைக் காட்டியிருக்கலாம். அது இரண்டு வருடத்தில் மஞ்சளாகும், விறைத்துப்போய் உரிக்கும்போது துண்டு துண்டாக வரும், பசை பெயின்ட்டிலேயே தங்கும். ஆகவே பில்லில் டி.பி.யு. என்ற எழுத்துகளும் படலத்தின் தயாரிப்பாளர் பெயரும் மைக்ரான் அளவும் இருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு மறுபெயின்ட் அடித்த பேனலில் ஒட்டுவது ஆபத்து. பின்னால் உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரலாம்.

எல்லோருக்கும் முழு உடல் தேவையில்லை. கல் படும் இடம் முன் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகள். அவற்றுக்கு மட்டும் ஒட்ட 20,000 முதல் 30,000 ரூபாய். வாரம் தவறாமல் திருச்சி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது அர்த்தமுள்ள செலவு. அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் போய்வரும் வண்டிக்குக் கல்லே அபூர்வம்.

ஒரு காரை வைத்து மூன்று வருடக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு வயதான சிவப்பு ஹேட்ச்பேக். குடியிருப்பின் திறந்த பார்க்கிங்கில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. பானெட்டில் வட்டக் கீறல், கூரையில் உப்புப் புள்ளி. பெரும்பாலும் நகருக்குள்ளேயே ஓடுகிறது. உரிமையாளர் இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்ளப் போகிறார்.

டெஃப்ளான் 4,500 ரூபாய், ஐந்து மாதம் நிற்கிறது என்றால் மாதத்துக்கு 900 ரூபாய். மூன்று வருடம் பூச்சோடு இருக்க ஏழு முறை போட வேண்டும்: 31,500 ரூபாய். ஒவ்வொரு முறையும் பாலிஷ் இரண்டு மைக்ரான் எடுத்தால் 14 மைக்ரான் போகும். 40 மைக்ரான் கிளியர் கோட்டில் அது மூன்றில் ஒரு பங்கு.

செராமிக் 18,000, அதோடு இரண்டு பராமரிப்புக்கு 4,000. மொத்தம் 22,000. முப்பது மாதம் நின்றால் மாதம் ஏறக்குறைய 730 ரூபாய். பாலிஷ் ஒரே முறை. பலகையில் நான்கு மடங்கு விலை சொன்ன பொருள் மாதக் கணக்கில் டெஃப்ளானைவிட மலிவாகிவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 1,000 ரூபாய்க்கு மெழுகு பூசினால் மாதம் 500. முழு பி.பி.எஃப். 85,000 ஐந்து வருடம் நின்றால் மாதம் 1,400க்கு மேல். மூன்று வருடத்தில் விற்கப்போகும் நான்கு வயது வண்டிக்கு அந்தப் பணம் திரும்பி வராது.

பலகையில் எழுதாத ஒரு வழியும் இருக்கிறது. பூச்சு எதுவும் வேண்டாம், இயந்திரப் பாலிஷ் மட்டும் ஒரு முறை போடுங்கள் என்று கேட்டால் பல கடைகள் 4,000 முதல் 5,000 ரூபாய்க்குச் செய்து தரும். கீறல் குறைந்து, நிறம் எழும்பிவிடும். டெஃப்ளானுக்கும் செராமிக்குக்கும் பாராட்டு வாங்கித் தருவதே இந்தப் படிதான். அதற்குப் பிறகு சிலிக்கா கலந்த தெளிப்புப் பூச்சு அரை லிட்டர் ஒன்று 800 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கழுவிய ஈர வண்டியில் 25 மில்லி அளவில் தெளித்துத் துடைக்கலாம். அரை மணி நேரம். பதினெட்டு முறைக்கு அந்தச் சீசா போதும். நல்ல துணிகளுக்கு 500 ரூபாய் சேர்த்து மூன்று வருடத்துக்கு மொத்தம் 6,300 ரூபாய், மாதம் 175. தண்ணீர் முத்தாகத் திரள்வதிலும் எளிதாகக் கழுவுவதிலும் இது செராமிக்குக்கு ரொம்பவும் பின்தங்காது. நீடிப்பு குறைவு என்பதை இரண்டு மாதத்துக்கொரு அரை மணி நேரம் ஈடு செய்கிறது.

இதே கணக்கு புதுக் காருக்கு மாறும். ஷோரூமிலிருந்து வரும் வண்டியில் கீறல் குறைவு என்பதால் பாலிஷ் மிதமாகவே போதும், கிளியர் கோட் முழுசாக இருக்கும், ஏழெட்டு வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணமும் இருக்கும். மூடிய பார்க்கிங்கும் இருந்தால் செராமிக் மூன்று ஆண்டைத் தொடும். அப்படி முடிவு செய்பவர்கள் டெலிவரிக்கு முன்னால் வண்டியைக் கழுவவோ பாலிஷ் போடவோ வேண்டாம் என்று ஷோரூமில் சொல்லிவைப்பது நல்லது. ஸ்டாக்யார்டில் தூசி படிந்து நின்ற வண்டியை அவசரமாகத் துடைத்துக் கொடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பல புதுக் கார்களுக்கு முதல் கீறல்கள் விழுகின்றன.

எதைத் தேர்ந்தாலும் வேலைக்கு முன்னால் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை ஒவ்வொரு பேனலிலும் வைத்துக் காட்டச் சொல்லலாம். நல்ல கடையில் அது இருக்கும். கம்பெனி பெயின்ட் மொத்தமாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அது மறுபெயின்ட். 80க்குக் கீழே காட்டினால் ஏற்கெனவே நிறையச் சீவப்பட்டது, அங்கே இன்னொரு பாலிஷ் கூடாது. அந்த எண்களோடு பூச்சின் பெயர், எத்தனை கோட், பாலிஷ் எத்தனை படி, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் பில்லில் எழுதி வாங்கினால், அடுத்த கடையின் விலைப்பலகையோடு ஒப்பிட ஒரு கணக்கு கையில் இருக்கும். சிவப்பு ஹேட்ச்பேக்கின் உரிமையாளருக்கு அதிலும் முதலில் வரும் செலவு ஒன்று உண்டு: விடியற்காலை துடைப்பவரிடம் மூன்று மைக்ரோஃபைபர் துணிகளைக் கொடுத்து, தினமும் துடைப்பதை நிறுத்தி, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டுத் துடைக்கச் சொல்லி, சம்பளத்தைக் குறைக்காமல் கொடுப்பது.